தோட்ட ஆபீஸிலிருந்து எச்.ஆர். வேலைக்கு: எந்தச் சான்றிதழ், எந்த நிலை?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கிராணி வேலையிலும் அட்மின் வேலையிலும் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, எச்.ஆர். சான்றிதழ் எடுத்தால் எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் ஆகிவிடலாமா?" ஃபேஸ்புக்கில் விளம்பரம் வருகிறது, இரண்டு நாள் வகுப்பு, ஈப்போவில் ஹோட்டலில் நடக்கும், முடிந்ததும் கையில் சான்றிதழ். இன்னொருவர் அமெரிக்கச் சான்றிதழ் என்கிறார், வேறொருவர் இங்கிலாந்துச் சான்றிதழ் என்கிறார். பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். மலேசியாவில் எச்.ஆர். வேலை பார்க்க உரிமம் எதுவும் தேவையில்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார அதிகாரியாக வேலை செய்ய அரசாங்கத்திடம் பதிந்திருக்க வேண்டும், எச்.ஆர். அப்படியில்லை. அதனால் சான்றிதழ் இல்லாவிட்டால் கதவு அடைத்துக்கொள்ளாது, இருந்தால் தானாகத் திறக்கவும் செய்யாது. இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிற பட்டியலில் பெயர் ஏற அது உதவும், அதுவும் பட்டம் இல்லாதவர்களுக்குக் கூடுதலாக உதவும். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பது நீங்கள் எந்த நிலையை எடுக்கிறீர்கள், அந்த நிலைக்கு உங்கள் வேலை அனுபவம் ஈடு கொடுக்கிறதா என்பதைப் பொறுத்தது.

முதல் வேலை: மூன்று குடும்பங்களைப் பிரித்துப் பாருங்கள்

இங்கே அடிக்கடி காதில் விழும் வெளிநாட்டுச் சான்றிதழ்கள் மூன்று அமைப்புகளிலிருந்து வருகின்றன.

எச்ஆர்சிஐ அமெரிக்க அமைப்பு. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக அது நடத்தும் தேர்வுகளின் பெயர் 'ஐ' என்ற எழுத்தில் முடியும்: ஏபிஎச்ஆர்ஐ, பிஎச்ஆர்ஐ, எஸ்பிஎச்ஆர்ஐ. 'ஐ' இல்லாத ஏபிஎச்ஆர், பிஎச்ஆர், எஸ்பிஎச்ஆர் தேர்வுகளில் அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் வரும். நமக்கு அதனால் பயனில்லை, ஆகவே பதியும்போது அந்தக் கடைசி எழுத்தைப் பார்த்துப் பதியுங்கள்.

ஷெர்ம் என்பதும் அமெரிக்க அமைப்புதான். 2014 வரை எச்ஆர்சிஐ தேர்வுகளை ஆதரித்துவிட்டுப் பிறகு தனிக்குடித்தனம் போனது. அதன் சொந்தத் தேர்வு 2015இல் தொடங்கியது. ஷெர்ம்-சிபி, ஷெர்ம்-எஸ்சிபி என்று இரண்டு நிலைகள் உண்டு.

சிஐபிடி இங்கிலாந்தைச் சேர்ந்தது. மூன்றாம் நிலை, ஐந்தாம் நிலை, ஏழாம் நிலை என்று போகும். இது ஒரே நாளில் உட்கார்ந்து எழுதும் தேர்வல்ல. அங்கீகாரம் பெற்ற மையத்தில் மாதக்கணக்கில் படித்து, ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப் பழகியவர்களுக்கு இது சரிப்படும். விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தடுமாறுபவர்களுக்கும் ஏற்றது. செலவும் காலமும் மற்ற இரண்டையும்விட அதிகம்.

உள்ளூரில் எம்ஐஎச்ஆர்எம் என்ற மலேசிய மனிதவள நிர்வாகக் கழகமும் சான்றிதழ், டிப்ளோமா வகுப்புகள் நடத்துகிறது. அப்புறம் அந்த ஹோட்டல் வகுப்புகள். அவற்றில் சிலவற்றில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கடைசி நாளில் எல்லோருக்கும் தாள் கொடுத்தால் அது வருகைச் சான்றிதழ், அவ்வளவுதான். இரண்டு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும்: இதில் யாராவது தோற்றதுண்டா? வேலை கொடுப்பவர் என் பெயரை இணையத்தில் தேடிச் சரிபார்க்க முடியுமா? இரண்டுக்கும் மழுப்பலாகப் பதில் வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நிலையும் உங்களிடம் எதை எதிர்பார்க்கிறது

பாடத்திட்டத்தைப் படித்தால் எல்லா நிலையும் ஒரே மாதிரி தெரியும். ஆள் சேர்ப்பு, சம்பளம், பயிற்சி, தொழிலாளர் உறவு என்று அதே தலைப்புகள்தான் திரும்பத் திரும்ப வரும். கேள்வி கேட்கும் விதத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது. நம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு எச்ஆர்சிஐயின் மூன்று நிலைகளிலும் ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு செம்பனைத் தோட்டம். வருஷத் தொடக்கத்தில் 118 பேர், முடிவில் 122 பேர். இடையில் 18 பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

ஏபிஎச்ஆர்ஐ கேட்பது: விலகல் விகிதம் எவ்வளவு? சராசரி ஆள் எண்ணிக்கை 120. 18ஐ 120ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 15 விழுக்காடு. வேலையை விட்டுப் போகிறவரிடம் ஏன் போகிறார் என்று பேசிப் பதிவு செய்வதற்கு என்ன பெயர், அதை யார் செய்ய வேண்டும் என்றும் கேட்கலாம். அதாவது வேலையின் பெயர்களும் ஒழுங்கும் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். இதற்கு எச்.ஆர். அனுபவம் தேவையில்லை.

பிஎச்ஆர்ஐ கேட்பது: அந்த 18 பேரில் 11 பேர் சேர்ந்த மூன்று மாதத்துக்குள்ளேயே போயிருக்கிறார்கள், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? நான்கு விடைகள் இருக்கும், நான்கும் நல்ல காரியமாகத்தான் தெரியும். சம்பளத்தை ஏற்றலாம், புதிய ஆள் எடுக்கலாம், மண்டோருக்குப் பயிற்சி கொடுக்கலாம், போனவர்கள் சொன்ன காரணங்களைத் திரட்டிப் பார்க்கலாம். 'முதலில்' என்ற சொல்லைக் கவனித்தவர் கடைசி விடையைத் தேர்ந்தெடுப்பார், ஏனென்றால் காரணம் தெரியாமல் மற்ற மூன்றும் குருட்டாம்போக்கு. தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் காரணம் ஓரளவு முன்பே தெரியும்: குலை வெட்டுகிற வேலை முதல் மாதத்தில் கை பழகாது, விளைச்சலுக்கேற்ற வருமானமும் குறைவாக வரும், அதற்குள் ஆள் ஓடிவிடுவான். ஆனால் தெரிந்ததை எண்ணாகவும் பதிவாகவும் காட்டினால்தான் மேனேஜர் காது கொடுப்பார். இந்த நிலை எதிர்பார்ப்பது அதைத்தான்.

எஸ்பிஎச்ஆர்ஐ கேட்பது: அடுத்த மூன்று வருஷத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் எண்ணிக்கை குறையும் என்றால், நிறுவனம் இயந்திரத்தில் பணம் போடுவதா, தங்குமிடத்தில் போடுவதா, உள்ளூர் இளைஞர்களைக் கொண்டுவர முயல்வதா? இயக்குநர் குழுவுக்கு என்ன பரிந்துரைப்பீர்கள், எந்தக் கணக்கைக் காட்டுவீர்கள்? ஒரு தோட்டத்தின் ஆபீஸில் மட்டும் வேலை பார்த்தவருக்கு இந்தக் கேள்வி வேலையில் வந்தே இருக்காது. புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் அந்த இடத்தில் கை நடுங்கும்.

ஷெர்ம் தேர்விலும் பாதை இதேதான். அதில் 'இந்தச் சூழ்நிலையில் எது சிறந்தது' என்ற வகைக் கேள்விகள் தனிப் பகுதியாகவே வரும். ஷெர்ம்-சிபி எழுதப் பட்டமோ எச்.ஆர். பதவியோ கட்டாயமில்லை. அதைப் பார்த்து லேசாக நினைக்க வேண்டாம். உள்ளே விடுவது சுலபம், உள்ளிருக்கும் கேள்வி ஏபிஎச்ஆர்ஐயைவிடக் கடினம். சிஐபிடியில் மூன்றாம் நிலை தொடக்கநிலை உதவியாளருக்கு, ஐந்தாம் நிலை பொறுப்பெடுத்து நடத்துபவருக்கு, ஏழாம் நிலை முதுகலைப் படிப்புக்குச் சமமான தரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வேலை: உங்கள் வருஷங்களை எண்ணிப் பாருங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். பிஎச்ஆர்ஐக்கு இளங்கலைப் பட்டம் இருந்தால் 2 வருஷ எச்.ஆர். அனுபவம், முதுகலை இருந்தால் 1 வருஷம், பட்டமே இல்லையென்றால் 4 வருஷம். எஸ்பிஎச்ஆர்ஐக்கு இதே வரிசையில் 5, 4, 7 வருஷங்கள். "எனக்கு ஏழு வருஷம் இருக்கே" என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அவர்கள் கேட்பது நிபுணத்துவ மட்டத்தில் செய்த எச்.ஆர். வேலை. நீங்களே யோசித்து முடிவெடுத்த, அல்லது முடிவெடுப்பவருக்குப் பரிந்துரை சொன்ன வேலைதான் கணக்கில் வரும். மற்றவர் எடுத்த முடிவைப் பதிந்து வைத்த வேலை வராது. விண்ணப்பங்களில் சிலவற்றை எடுத்துச் சரிபார்ப்பார்கள், அப்போது வேலை கொடுத்தவரிடமிருந்து சான்று காட்ட வேண்டியிருக்கும்.

தோட்ட ஆபீஸில் ஏழு வருஷம் இருக்கும், டிப்ளோமா படித்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோட்டை எடுத்து இரண்டு பத்தி போடுகிறாள்.

இடது பக்கத்தில் பெரட்டு முடிந்ததும் செக்ரோலில் ஆள் வருகை ஏற்றுவது, ஓவர்டைம் கணக்கு, இபிஎஃப்பும் சொக்சோவும் மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டுவது, வெளிநாட்டுத் தொழிலாளரின் பெர்மிட், ஃபோமேமா மருத்துவப் பரிசோதனைத் தேதிகள், லீவு கார்டு. ஏழு வருஷமும் இதில் போயிருக்கிறது. பொறுப்பான வேலைதான், ஒரு நாள் தவறினால் அபராதம் வரும். ஆனால் விண்ணப்பத்தில் இது எழுத்தர் வேலை என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

வலது பக்கத்தில் கடந்த இரண்டு வருஷமாக டிரைவர், ஆபீஸ் ஆள் எடுக்கும்போது உதவி மேனேஜரோடு உட்கார்ந்து நேர்காணல் செய்து, யாரை எடுக்கலாம் என்று சொன்னது. எச்சரிக்கைக் கடிதங்களை வரைந்தது. எந்தக் குற்றத்துக்கு எந்தக் கடிதம் என்று மேனேஜர் அவளிடம்தான் கேட்கிறார். உள்விசாரணையில் குறிப்பெடுத்ததையும் முதலில் இந்தப் பக்கத்தில் எழுதுகிறாள், பிறகு யோசித்து இடது பக்கத்துக்கு மாற்றுகிறாள். குறிப்பெடுப்பது முடிவெடுப்பதாகாது. அதுவும் சரிதான்.

ஆக, நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் இரண்டு வருஷம் தேறும், அதுவும் அந்த இரண்டு வருஷத்தில் வலது பக்க வேலைதான் பெரும்பகுதி என்று காட்ட முடிந்தால். பட்டம் இல்லை, எனவே பிஎச்ஆர்ஐக்கு நான்கு வேண்டும். இப்போது அவளுக்கு ஏற்றது ஏபிஎச்ஆர்ஐ அல்லது ஷெர்ம்-சிபி. ஆங்கிலக் கட்டுரை எழுத வருமென்றால் சிஐபிடி ஐந்தாம் நிலையைப் பற்றி ஒரு மையத்தில் விசாரிக்கலாம். ஏழு வருஷக் கிராணிக்கு மூன்றாம் நிலை கொஞ்சம் தாழ்வு என்பது என் எண்ணம்.

அந்த நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். வலது பக்கம் ஏன் ஒல்லியாக இருக்கிறது என்று பார்த்து மேனேஜரிடம் வேலை கேட்டு வாங்குங்கள். "சார், இனி வேலையை விட்டுப் போகிறவர்களிடம் நானே பேசி மாதாமாதம் ஒரு பக்கம் எழுதித் தருகிறேன்" என்று சொன்னால் பெரும்பாலான மேனேஜர்கள் தடுக்க மாட்டார்கள், அவர்களுக்கு ஒரு தலைவலி குறைகிறது. அட்மினிலிருந்து ஆட்களை நிர்வகிக்கும் வேலைக்கு நகர்வது உண்மையில் இப்படித்தான் நடக்கிறது. சான்றிதழ் அதற்குப் பெயர் வைக்கிறது, அவ்வளவே.

மூன்றாம் வேலை: தேர்வில் வராத பாடம்

வெளிநாட்டுத் தேர்வு எதிலும் நம் நாட்டுச் சட்டம் வராது. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இன்டர்வியூவில் உட்கார்ந்தால் முதலில் கேட்பதே அதைத்தான். அக்தா கெர்ஜா என்று எல்லோரும் சொல்லும் 1955 வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது: வாரத்துக்கு 45 மணி நேரம், மகப்பேறு விடுப்பு 98 நாள், தந்தைக்கு 7 நாள். இவை மனப்பாடமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் சட்டத்தை ஒரு ஆள்மேல் வைத்துப் பார்க்கத் தெரிவது.

குலை வெட்டும் ஒருவர் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பெரட்டுக்கு வரவில்லை. செக்ரோலில் மூன்று 'ஏ' விழுந்துவிட்டது. மூன்று நாள் வராவிட்டால் வேலை போச்சு என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. கிராணி வியாழக்கிழமை நீக்கக் கடிதத்தை டைப் செய்து கையெழுத்துக்கு வைத்துவிடுவார்.

சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். முன் அனுமதியில்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு வால் இருக்கிறது: நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளிக்குத் தெரிவித்திருந்தாலோ தெரிவிக்க முயன்றிருந்தாலோ அப்படிக் கருத முடியாது. எச்.ஆர். ஆள் அந்த வாலைத்தான் முதலில் பிடிப்பார். ஃபோன் போடுவார், மண்டோரைக் கூப்பிட்டுக் கேட்பார். ஞாயிறு இரவே பிள்ளையைத் தைப்பிங் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக மண்டோருக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்திருக்கிறது, மண்டோர் ஆபீஸில் சொல்ல மறந்துவிட்டார். தெரிவிக்க முயன்றாயிற்று. நீக்கக் கடிதம் போயிருந்தால் நிலைமை வேறு.

நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுப்போடலாம். அங்கே சமரசம் ஆகாவிட்டால் விஷயம் தொழிலியல் நீதிமன்றம் வரை போகலாம். நீக்கம் நியாயமில்லை என்று தீர்ப்பானால், நிரந்தர ஊழியருக்கு 24 மாதம் வரை பின்சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு குரல் செய்தியைக் கேட்காமல் விட்டதற்கு அவ்வளவு விலை.

ஆளைப் பிடிக்கவே முடியவில்லை என்றால்? கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் விளக்கம் கேட்டுக் கடிதம், பதிலுக்கு நாள் குறித்து. பதில் வந்து அது திருப்தியில்லை என்றால் உள்விசாரணை, அதாவது டி.ஐ. குற்றம் சொன்னவரோ சாட்சியோ விசாரணைக் குழுவில் உட்காரக் கூடாது. விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது, அந்த நாட்களுக்குக் குறைந்தது அரைச் சம்பளம் கொடுக்க வேண்டும். இது 14ஆம் பிரிவு.

தோட்டத்திலிருந்து வருகிறவருக்கு ஒரு சொத்து இருக்கிறது, பலர் அதை விண்ணப்பத்தில் எழுதவே மாட்டார்கள். என்யுபிடபிள்யு தொழிற்சங்கத்துக்கும் முதலாளிகள் சங்கமான மாபாவுக்கும் உள்ள கூட்டு ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்து, இந்த வேலைக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டவர் பட்டணத்து எச்.ஆர். ஆபீஸ்களில் அதிகம் இருக்க மாட்டார். ஆபீஸ் ஊழியராக அமேசு சங்கத்தில் நீங்களே உறுப்பினராக இருந்தால் ஒப்பந்தம் அடுத்த பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்பதும் தெரியும். தொழிற்சங்கம் உள்ள தொழிற்சாலைகள் இந்த அனுபவத்தைத் தேடுகின்றன.

பணமும் பதிவும்

எச்ஆர்சிஐயில் விண்ணப்பக் கட்டணம் சுமார் 100 அமெரிக்க டாலர், அது திரும்பி வராது. அதனால்தான் அனுபவத்தை முதலில் எண்ணச் சொன்னேன். தேர்வுக் கட்டணம் தனி: ஏபிஎச்ஆர்ஐக்குச் சுமார் 300 டாலர், மேலே போகப் போக ஏறும். ரிங்கிட்டில் மாற்றிப் பார்த்தால் சின்னத் தொகை இல்லை. புத்தகத்துக்கும் பயிற்சிக் கேள்விகளுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

உங்கள் நிறுவனம் எச்ஆர்டி கார்ப்புக்கு லெவி கட்டுகிறதா என்று கேளுங்கள். பத்து அல்லது அதற்கு மேல் மலேசிய ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு கட்ட வேண்டும், 2021 முதல் தோட்டத் துறையும் இதில் சேர்ந்துவிட்டது. அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்குத்தான் இருக்கிறது. ஆனால் மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியது முதலாளி, அதுவும் வகுப்பு தொடங்குவதற்கு முன். நீங்களே பணம் கட்டி முடித்துவிட்டு ரசீதை நீட்டினால் கிடைக்காது. வகுப்பு அந்த மானியத்துக்குத் தகுதியானதா என்பதை நடத்துபவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் மேனேஜரிடம் போங்கள்.

தேர்வு கணினியில், ஆங்கிலத்தில் இருக்கும். ஏபிஎச்ஆர்ஐ இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வீட்டிலிருந்து கேமரா முன்னால் எழுதும் வசதி உண்டு, ஆனால் அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது, இணையம் அறுந்தால் சிக்கல். மழை வந்தால் லைன் போகும் தோட்டத்து வீட்டில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயில் ஏறிக் கோலாலம்பூர் தேர்வு மையத்தில் எழுதிவிட்டு அன்றே திரும்பலாம்.

தேறிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. எச்ஆர்சிஐ, ஷெர்ம் இரண்டும் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குள் வகுப்புகள், கருத்தரங்குகள் வழியாகப் புள்ளி சேர்க்க வேண்டும்: ஏபிஎச்ஆர்ஐக்கு 45, மற்றவற்றுக்கு 60. சேர்க்காவிட்டால் திரும்பத் தேர்வு எழுத வேண்டும். சிஐபிடி தகுதி காலாவதியாகாது, உறுப்பினராக நீடிக்கத்தான் வருஷக் கட்டணம். ஏபிஎச்ஆர்ஐ எடுத்தவர் அந்த மூன்று வருஷத்தை வலது பக்கப் பத்தியை நிரப்பப் பயன்படுத்தினால், புதுப்பிக்கும் நேரத்தில் 45 புள்ளிக்கு அலைவதா, நேராக பிஎச்ஆர்ஐக்கு விண்ணப்பிப்பதா என்று முடிவு செய்யும் நிலையில் இருப்பார். மேலே சொன்ன அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே இரண்டு வருஷம் இருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் போதும்.